மார்கழிச் சிறுநூலுக்காகப் பாடல்களின் பதிப்புரிமையைச் சரிபார்த்த பதிவு

எங்கள் தெருச் சிவன் கோயில் வழிபாட்டு மன்றம் 2025 மார்கழிக்காக 64 பக்கச் சிறுநூல் ஒன்றை ஆயிரம் படிகள் அச்சிட முடிவு செய்தபோது, பாடல்களைத் தொகுக்கும் பொறுப்பும் அவற்றை அச்சிட நமக்கு உரிமை உண்டா என்று பார்க்கும் பொறுப்பும் என்னிடம் வந்தன. இரண்டாவது பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அதற்குக் காரணம் உண்டு. ஏழு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் வெளியிட்ட திருவெம்பாவை நூலில், யாரோ தட்டச்சு செய்து தந்த பொழிப்புரையை அப்படியே சேர்த்திருந்தோம். அது அண்மைக் காலத்தில் மறைந்த ஓர் உரையாசிரியருடையது என்று அவர் குடும்பத்தார் கடிதம் எழுதியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவர்கள் பெருந்தன்மையாக வழக்கு எதுவும் தொடுக்கவில்லை. ஆனாலும் எஞ்சியிருந்த முந்நூறு படிகளை விநியோகிக்காமல் நிறுத்தினோம். பத்தாம் நூற்றாண்டுக்கு முந்தைய பாடலுக்கு யாரிடம் உரிமை கேட்பது என்று நினைத்த எங்களுக்கு, மூலம் வேறு, அதன்மேல் பிற்காலத்தார் எழுதிச் சேர்த்தது வேறு என்பது அந்தக் கடிதத்தால்தான் உறைத்தது.

அச்சக அண்ணாச்சியும் இம்முறை முதலிலேயே கேட்டுவிட்டார்: "சார், பாட்டு எல்லாம் யாருது, எந்தப் புத்தகத்துல இருந்து எடுத்தீங்கன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்துட்டுத்தான் பிளேட் போடுவேன்." ஆகவே நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கட்டம் போட்டு வேலையைத் தொடங்கினேன். பாடலின் முதலடி, இயற்றியவர், அவர் மறைந்த ஆண்டு, நான் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்ட பதிப்பு, அந்தப் பதிப்பில் மூலத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது, முடிவு என ஆறு கட்டங்கள். மறைந்த ஆண்டைப் பென்சிலால் எழுதி, ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு நூல்களில் அதே ஆண்டைக் கண்ட பிறகே பேனாவால் எழுதினேன்.

கணக்கு எளிது. இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 22ஆம் பிரிவின்படி, ஆசிரியர் தம் வாழ்நாளில் வெளியிட்ட இலக்கியப் படைப்புக்கு அவர் வாழ்நாள் முழுதும், அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் சனவரி முதல் நாளிலிருந்து 60 ஆண்டுகளுக்கும் உரிமை நீடிக்கிறது. முன்பு இது 50 ஆண்டுகளாக இருந்து 1990களின் தொடக்கத்தில் 60 ஆக்கப்பட்டதால், பழைய கையேடுகளில் 50 என்றிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். மாதமும் நாளும் கணக்கில் வருவதில்லை. ஆண்டு மட்டுமே வரும். அச்சிடும் ஆண்டிலிருந்து 61ஐக் கழித்து வரும் ஆண்டிலோ அதற்கு முன்போ மறைந்தவர் என்றால், அவர் வாழ்நாளில் வெளியான பாடல் பொதுவுடைமை. நாங்கள் 2025 டிசம்பரில் அச்சிட்டதால் எங்கள் எல்லைக்கோடு 1964. இந்த எண்ணை நோட்டின் அட்டையிலேயே பெரிதாக எழுதி வைத்துக்கொண்டேன்.

இலவசமாகக் கொடுப்பதற்குச் சட்டம் எதற்கு என்று மன்றத்தில் ஒருவர் கேட்டார். சட்டத்தின் 52ஆம் பிரிவு சமயச் சடங்கில் பாடுவதற்கும், கட்டணமின்றிக் கூடும் அவையில் பாடுவதற்கும் விலக்கு அளிப்பதால், கோயிலில் எந்தப் பாடலையும் பாடுவதில் எங்களுக்குத் தடையில்லை. ஆனால் அந்த விலக்கு பாடுவதற்கானது. அதே பாடலை ஆயிரம் படி அச்சிடுவது படியெடுத்தலாகும். விலை வைத்தாலும் வைக்காவிட்டாலும் அதற்கு உரிமையாளரின் இசைவு வேண்டும். பாடலாம், அச்சிட முடியாது என்ற இந்த வேறுபாட்டை மன்றத்தாருக்கு விளக்கவே ஒரு மாலைப்பொழுது ஆயிற்று.

முதல் கட்டில் திருவெம்பாவை, திருப்பள்ளியெழுச்சி, தேவாரப் பதிகங்கள், ஆறு திருப்புகழ்ப் பாடல்கள், அபிராமி அந்தாதியின் தொடக்கப் பாடல்கள், 1874இல் மறைந்த வள்ளலாரின் இரண்டு பதிகங்கள் ஆகியவை இருந்தன. இவற்றின் மூலங்களுக்கு உரிமைச் சிக்கல் இல்லை. சிக்கல் இருந்தது எங்கள் கையிலிருந்த கோப்பில். பாதிப் பாடல்கள் கைப்பேசிச் செய்திகளிலிருந்து ஒட்டப்பட்டவை. அவை எந்தப் பதிப்பிலிருந்து வந்தவை என்று கண்டுபிடிக்க, நல்ல பாடத்தைவிடத் தவறான பாடமே உதவியது. திருப்பள்ளியெழுச்சியின் ஒரு பாடலில் எங்கள் கோப்பில் ஓர் அடி விடுபட்டு, அடுத்த அடி இரண்டு முறை வந்திருந்தது. அதே விடுபடலும் அதே இரட்டிப்பும், பத்து ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த ஒரு சிறுநூலில் இருப்பதைக் கண்டேன். ஒரே பிழை இரண்டு இடங்களில் தற்செயலாக நேர்வதில்லை. அப்படியானால் அந்தப் பாடலுக்குக் கீழே எங்கள் கோப்பில் இருந்த சொற்பொருளும் அந்தச் சிறுநூலிலிருந்தே வந்திருக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்த்தேன்; வரிக்கு வரி அதுவேதான். சொற்பொருளை முழுவதுமாக நீக்கினேன்.

பிறகு எல்லா மூலங்களையும் 1930க்கு முன் அச்சான பதிப்புகளின் மின்படிகளோடு ஒப்பிட்டேன். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இத்தகைய பதிப்புகள் கிடைக்கின்றன. ஒரு நூல் இணையத்தில் படிக்கக் கிடைப்பது அது பொதுவுடைமை என்பதற்குச் சான்றாகாது. ஆண்டைப் பார்க்க நான் நம்பியது நூலின் தலைப்புப் பக்கத்தை மட்டுமே.

இங்கே பதம் பிரிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பக்திநூல் அச்சிடுவோர் எல்லோரும் தடுமாறும் இடம் இது. பழைய பதிப்புகளில் சந்தி சேர்ந்தே இருக்கும். நம் மன்றத்தில் பாடுவோருக்கு அது வாயில் வராது. பிரித்த பாடம் அண்மைப் பதிப்புகளில்தான் கிடைக்கிறது. அப்படிப் பிரித்தவருக்கு அந்தப் பிரிப்பில் உரிமை உண்டா? இதற்கு நேரான தீர்ப்பு எதையும் நான் பார்க்கவில்லை. ஆனால் 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சட்ட அறிக்கை இதழ் ஒன்றின் வழக்கில் சொன்னது வழிகாட்டியாக இருந்தது. நீதிமன்றத் தீர்ப்புகளின் வாசகம் பொதுவானது. அதில் எழுத்துப் பிழை திருத்துவதும் மேற்கோள் விவரம் சேர்ப்பதும் மட்டும் புதிய உரிமையைத் தராது. ஆனால் பொருளை உணர்ந்து பத்திகளாகப் பிரித்து எண்ணிட்டதிலும், தலைக்குறிப்பு எழுதியதிலும் பதிப்பாசிரியரின் அறிவும் தெரிவும் இருப்பதால் அவை பாதுகாப்புக்குரியவை என்பது அதன் சாரம்.

இதை நம் பாடலுக்குப் பொருத்திப் பார்த்தேன். திருவெம்பாவையின் முதற்பாட்டில் 'வாள்' என்பதும் 'தடங்கண்' என்பதும் சந்தி சேர்ந்தால் 'வாட்டடங்கண்' ஆகும். அதை 'வாள்தடங்கண்' என்று பிரிக்க நன்னூல் தெரிந்த எவருக்கும் ஒரே வழிதான் உண்டு. பத்துப் பேர் பிரித்தாலும் விடை ஒன்றே. இத்தகைய பிரிப்பில் யாரும் உரிமை கோர முடியாது என்றே கருதுகிறேன். திருப்புகழின் நீண்ட தொடர்கள் அப்படியல்ல. ஒரு தொடரை இரண்டு மூன்று விதமாகப் பிரிக்கலாம், ஒவ்வொரு பிரிப்புக்கும் பொருள் மாறும், பிரித்தவர் தம் புலமையால் ஒன்றைத் தேர்ந்திருப்பார். அங்கே ஒருவருடைய பிரிப்பைப் பாடல் முழுதும் அப்படியே பெயர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எனவே எங்கள் மன்றத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை அக்காவிடம் பழைய பதிப்பின் நகலை மட்டும் கொடுத்து, வேறு எந்த நூலையும் பாராமல் பிரித்துத் தரக் கேட்டோம். ஆறு திருப்புகழுக்கு அவருக்கு மூன்று வாரம் ஆனது. பென்சிலால் கோடிட்ட அந்தத் தாள்களைத் தேதியிட்டுக் கோப்பில் வைத்திருக்கிறோம். பிற்காலத்தில் யாரேனும் கேட்டால், எங்கள் பிரிப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு அவையே சான்று. திருவெம்பாவைக்கு வேண்டிய எளிய உரையையும் அவரே எழுதினார், இருபது பாட்டுக்கும் பாட்டுக்கு மூன்று வரிக்கு மிகாமல்.

அடுத்துச் சிவபெருமானின் 108 போற்றி. எங்கள் கோயிலில் நெடுங்காலமாகச் சொல்லி வருவது, பெயர் இல்லாதது, ஆகவே பழையது, பொதுவானது என்றே எல்லோரும் எண்ணியிருந்தோம். பெயர் இல்லை என்பது உரிமை இல்லை என்று பொருள்படாது. சட்டத்தின் 23ஆம் பிரிவு பெயரிடாத படைப்புக்கு, முதலில் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை தருகிறது. அதற்குள் ஆசிரியர் யாரென்று தெரிய வந்தால் கணக்கு அவர் வாழ்நாளுக்கு மாறிவிடும். எங்கள் 108 போற்றியைத் தேடியதில், எனக்குக் கிடைத்த மிகப் பழைய அச்சு 1978ஆம் ஆண்டின் ஒரு குடமுழுக்கு மலரில் இருந்தது. அதற்கு முந்தைய அச்சைக் காட்ட முடியாத நிலையில், 1979இலிருந்து எண்ணினால் 2038 முடியும் வரை உரிமை இருப்பதாகக் கொள்வதே பாதுகாப்பு. இன்னும் பழைய அச்சு எங்கேனும் இருக்கலாம். ஆனால் இருக்கலாம் என்பதை நம்பி ஆயிரம் படி அச்சிட முடியாது.

இந்த இடத்தில்தான் இப்பணியிலேயே எனக்கு மிகவும் பிடித்த தீர்வு கிடைத்தது. போற்றி வேண்டும் என்றால் மணிவாசகரிடமே போகலாமே என்றார் அக்கா. திருவாசகத்தின் போற்றித் திருஅகவலில் 'தென்னா டுடைய சிவனே போற்றி, எந்நாட் டவர்க்கும் இறைவா போற்றி' என்பன போன்று போற்றி என்று முடியும் அடிகள் நிறைய உள்ளன. அவற்றை அகவலில் வரும் வரிசையிலேயே எடுத்துக்கொண்டு, 1978ஆம் ஆண்டு மலரின் போற்றியை விட்டுவிட்டோம். மன்றத்தில் முதல் நாள் சொல்லும்போது சிலருக்கு நாக்கு பழைய வரிக்கே போனது. ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

கீர்த்தனைகளில் ஒன்று என்னை அதிக நாள் அலைக்கழித்தது. 'என்ன தவம் செய்தனை' என்ற பாடல் சிவன் கோயில் நூலிலும் இருக்க வேண்டும் என்று பெண்கள் எல்லோரும் விரும்பினார்கள். எங்களிடம் இருந்த நகலின் தலையில் 'பழம்பாடல்' என்று மட்டும் போட்டிருந்தது. நடையைப் பார்த்தாலும் பழையதாகவே தோன்றும். கீர்த்தனைகளில் வழக்கமாக முத்திரைதான் ஆசிரியரைக் காட்டிக்கொடுக்கும். கடைசிச் சரணத்தில் அவர் தம் பெயரையோ இட்ட தெய்வத்தின் பெயரையோ வைத்திருப்பார். எங்கள் நகலில் அப்படி எதுவும் இல்லை. கச்சேரிப் பாடல் தொகுப்புகளையும் இசைத்தட்டு உறைகளையும் பார்த்தபோது எல்லாவற்றிலும் பாபநாசம் சிவன் என்றே இருந்தது. அவர் தம் பல பாடல்களில் 'ராமதாசன்' என்ற முத்திரையை வைத்தவர். இதில் அது இல்லாததால்தான் பெயர் உதிர்ந்து, பாடல் ஊர்ப்பொதுவாகிவிட்டது போலும். அவர் மறைந்தது 1973இல். 1974 சனவரியிலிருந்து 60 ஆண்டுகள் எண்ணினால் 2033 டிசம்பர் 31 வரை உரிமை உண்டு.

உரிமையுடையவர்களிடம் இசைவு கேட்டுச் செப்டம்பரில் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினோம். எந்தப் பாடல், எத்தனை படி, விலை இல்லை, ஆசிரியர் பெயர் எங்கே அச்சாகும், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதியிருந்தோம். நாங்கள் குறித்த நாள் வரை பதில் வரவில்லை. பதில் வராததை இசைவாகக் கொள்ளலாம், தெய்வப் பாடல்தானே என்று சிலர் சொன்னார்கள். நான் உடன்படவில்லை. நாம் உருகிப் பாடும் ஒரு பாடலை எழுதியவரின் பெயரைத்தான் முதலில் தொலைத்தோம். அவருடைய உரிமையையும் சேர்த்துத் தொலைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பக்கத்தில் பாடலை அச்சிடாமல், முதல் மூன்று சொற்களையும் பாபநாசம் சிவன் என்ற பெயரையும் மட்டும், அன்று பாடப்படும் பாடல்களின் வரிசையில் கொடுத்தோம். எஞ்சிய இடத்துக்குக் கோபாலகிருஷ்ண பாரதியாரின் 'வருகலாமோ ஐயா' வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்து மறைந்தவரின் பாடல் என்பதால் கணக்கே தேவைப்படவில்லை. அதையும் பழைய நந்தனார் சரித்திரப் பதிப்பின் பாடத்திலிருந்தே எடுத்தோம், ஏனென்றால் மேடைகளில் பாடப்படும் வடிவத்துக்கும் அச்சு வடிவத்துக்கும் சில சொற்கள் வேறுபட்டிருந்தன.

பாரதியார் பாடலுக்கு ஐந்து நிமிடமே ஆனது. அவர் மறைந்தது 1921இல். அவர் எழுத்துகளை அரசு நாட்டுடைமை ஆக்கியும் விட்டது. நாட்டுடைமை பற்றி ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். தமிழக அரசு ஒருவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கினால், 60 ஆண்டு முடிவதற்கு முன்பே அவற்றை யாரும் அச்சிடலாம். எனவே 1964க்குப் பின் மறைந்தவர் என்றவுடனே பாடலை நீக்கிவிடாமல், தமிழ் வளர்ச்சித் துறையின் பட்டியலையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. அந்த அறிவிப்பு அந்த ஆசிரியர் எழுதியதற்கு மட்டுமே பொருந்தும். அவருடைய நூலுக்கு வேறொருவர் எழுதிய முன்னுரையும் குறிப்புரையும் அதில் அடங்கா.

எல்லைக்கோட்டின்மேலேயே நின்றது யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளின் 'நல்லூரான் திருவடியை' என்ற நற்சிந்தனைப் பாடல். எங்கள் மன்றத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே குடியமர்ந்த குடும்பம் ஒன்று உண்டு. அந்த வீட்டு அம்மா இந்தப் பாடலைப் பாடும்போது கூடத்தில் வேறு சத்தமே இருக்காது. சுவாமிகள் சமாதியடைந்தது 1964 மார்ச்சில். அடுத்த ஆண்டிலிருந்து எண்ணினால் இந்தியாவில் 2024 டிசம்பர் 31ஆம் நாளோடு 60 ஆண்டு நிறைகிறது. ஓராண்டு முன்பு இந்நூலை அச்சிட்டிருந்தால் இசைவு கேட்க வேண்டியிருந்திருக்கும், 2025இல் தேவையில்லை. ஆனால் இதிலும் ஒரு கண்ணி உண்டு. ஆசிரியர் மறைந்த பிறகே முதன்முதல் வெளியான படைப்புக்கு, 24ஆம் பிரிவின்படி, வெளியான ஆண்டை வைத்துத்தான் 60 ஆண்டுகள் எண்ண வேண்டும். ஆகவே சுவாமிகள் வாழ்ந்த காலத்திலேயே அச்சான பதிப்பில் இந்தப் பாடல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. அந்த அம்மாவின் தாயார் கொண்டுவந்த, அட்டை கிழிந்த பழைய படி ஒன்று வீட்டில் இருந்தது. அச்சிட்ட ஆண்டு 1964க்கு முந்தையது. பாடலும் அதில் இருந்தது. பக்கத்தைப் படம் எடுத்துக் கோப்பில் வைத்தோம்.

அதோடு முடியும் என்று நினைத்தேன், முடியவில்லை. அந்தக் குடும்பத்தார் தங்கள் உறவினர்களுக்கென நூற்றைம்பது படிகளை நல்லூருக்கு அனுப்ப விரும்பினார்கள். இலங்கையில் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆசிரியர் மறைவுக்குப் பின் 70 ஆண்டுகள் உரிமை உண்டு. அங்கே இந்தப் பாடலின் உரிமை 2034 முடியும் வரை நீடிக்கிறது. இங்கே தடையின்றி அச்சான பக்கம் கடலைக் கடந்ததும் இசைவு தேவைப்படும் பக்கமாகிவிடுகிறது. நூல் நான்கு படிவங்களாக, படிவத்துக்குப் பதினாறு பக்கமாக அச்சாவதால், ஒரு பாடலுக்காக ஒரு படிவத்தையே மாற்றி இரண்டு முறை ஓட்டுவது செலவு. அண்ணாச்சிதான் வழி சொன்னார்: அந்தப் பாடலை நூலில் சேர்க்காமல் தனித்தாளாக அச்சிட்டு, இங்கே கொடுக்கும் 850 படிகளில் மட்டும் செருகிவிடலாம். அப்படியே செய்தோம். நல்லூருக்குப் போன படிகளில் அந்தத் தாள் இல்லை. அங்கே அந்தப் பாடலுக்கு அச்சு தேவைப்படாது என்றார் அந்த அம்மா.

நூலின் இரண்டாம் பக்கத்தில் ஒவ்வொரு பாடலையும் இயற்றியவர், நாங்கள் ஒப்பிட்ட பதிப்பின் ஆண்டு, பதம் பிரித்தவர், உரை எழுதியவர் ஆகிய விவரங்களைச் சிறிய எழுத்தில் கொடுத்தோம். ப்ரூஃப் பார்க்கும்போது அந்தப் பக்கத்தைத்தான் மூன்று முறை படித்தேன். பாபநாசம் சிவன் பாடலுக்கான பதில் அச்சு முடிந்து, தை பிறந்த பிறகு வந்தது: அடுத்த பதிப்பில் சேர்ப்பதாயின் அச்சுக்கு முன் பக்கத்தின் ப்ரூஃபை அனுப்பிவைக்கும்படி எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தை நோட்டில், அந்தப் பாடலின் கட்டத்துக்கு எதிரே ஒட்டியிருக்கிறேன்.